அந்தப் பங்கு யார் கணக்கில் இருக்கிறது?

பங்குச் சந்தையில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் நம் வங்கிக் கணக்கிலிருந்து புரோக்கர் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும் வாடிக்கையாளர் கணக்குக்குப் போகிறது. ஆர்டர் என்எஸ்இ அல்லது பிஎஸ்இயில் நிறைவேறுகிறது. என்ன வாங்கினோம், எத்தனை வாங்கினோம் என்று அந்தச் சந்தையே நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்புகிறது. அடுத்த வேலை நாளில் பங்குகள் நம் டீமேட் கணக்குக்கு வந்துவிடும். அந்தக் கணக்கைப் பராமரிப்பவை சிடிஎஸ்எல், என்எஸ்டிஎல் என்ற இரண்டு காப்பகங்கள். புரோக்கரின் செயலி இதையெல்லாம் பார்க்க உதவும் ஜன்னல் மட்டுமே. செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டாலும் பங்கு காப்பகத்தில் அப்படியே இருக்கும்.

போலிச் செயலியில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் எதுவுமே கிடையாது. சந்தை இல்லை, காப்பகம் இல்லை, பங்கும் இல்லை. யாரோ ஒருவர் கணினியில் தட்டும் எண் நம் திரையில் லாபமாகத் தெரிகிறது. அதனால் செயலியின் தோற்றத்தை வைத்து உண்மையா, போலியா என்று கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. அசலைவிட அழகாகவே போலியைச் செய்துவிடுகிறார்கள். பணம் யார் கணக்குக்குப் போனது, பங்கு யார் கணக்கில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் அவர்களிடம் பதில் இருக்காது.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதை ஒருவரை வைத்தே பார்க்கலாம். கோவையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இவர் கற்பனை மனிதர். ஆனால் இவருக்கு நேர்வதெல்லாம் புகார்களில் திரும்பத் திரும்ப வருபவை. ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பர வீடியோ. பிரபலமான ஒருவர் பங்கு யோசனை சொல்கிறார். முகமும் குரலும் அவருடையவைதான், பேச்சு மட்டும் அவருடையதல்ல. 2024 ஏப்ரலில் என்எஸ்இ தன் தலைமைச் செயல் அதிகாரியின் முகத்தையும் குரலையும் வைத்து இப்படிப் போலி வீடியோக்கள் சுற்றுவதாக எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. சந்தையின் தலைவருக்கே அந்த நிலை.

வீடியோவின் கீழே இருக்கும் லிங்க் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குரூப்புக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர். தினமும் மாலையில் 'பேராசிரியர்' ஒருவர் பாடம் நடத்துகிறார். அவருடைய உதவியாளர் என்று ஒரு பெண் தனியாகச் செய்தி அனுப்புகிறார். "குட் மார்னிங் சார், சாப்பிட்டீங்களா? நேத்து கிளாஸ்ல ஏதாவது டவுட் இருந்தா கேளுங்க." முதல் இரண்டு வாரம் யாரும் பணம் கேட்பதில்லை. சொல்லும் பங்குகளும் உண்மையானவை. தன் சொந்தக் கணக்கிலேயே வாங்கி ஆசிரியர் கொஞ்சம் லாபமும் பார்க்கிறார். சந்தை ஏறுமுகமாக இருக்கும்போது எந்தப் பெரிய நிறுவனத்தைச் சொன்னாலும் பலிக்க வாய்ப்பு அதிகம். குரூப்பில் நன்றி சொல்லி ஸ்கிரீன்ஷாட் போடுபவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்களின் ஆட்கள் என்பது அவருக்குத் தெரியாது.

பிறகுதான் 'இன்ஸ்டிடியூஷனல் அக்கவுன்ட்' என்ற சொல் வருகிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் கிடைக்கும் விலையில் நமக்கும் பங்கு, அப்பர் சர்க்யூட்டில் இருக்கும் பங்கும் கிடைக்கும், டீமேட்கூட வேண்டாம் என்கிறார்கள். மொத்த மோசடியும் இந்த ஒரு பொய்யின் மேல்தான் நிற்கிறது. வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கான வழி இந்தியாவில் வசிப்பவர்களுக்குக் கிடையாது என்றும், பங்கு வர்த்தகத்தில் 'இன்ஸ்டிடியூஷனல் அக்கவுன்ட்' என்ற ஏற்பாடே இல்லை என்றும் செபி 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே அறிவித்தது. இந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் குரூப்பை விட்டு வெளியேறிவிடலாம். வேறு எதையும் சரிபார்க்கத் தேவையில்லை.

ஆசிரியர் சரிபார்க்கவே செய்தார். செபி பதிவுச் சான்றிதழ் கேட்டார், உடனே வந்தது. அந்த எண்ணைச் செபி தளத்தில் தேடினார், இருந்தது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். எண் உண்மை, நிறுவனமும் உண்மை. பேசுகிறவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவரல்ல. யாருடைய சான்றிதழையும் எவரும் நகலெடுத்து அனுப்பலாம். சரிபார்ப்பை எதிர்த்திசையில் செய்ய வேண்டும். செபி தளத்தில் அந்த நிறுவனத்துக்குப் பதிவாகியிருக்கும் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ நாமே எடுத்துத் தொடர்புகொண்டு, "இந்தக் குரூப் உங்களுடையதா?" என்று கேட்க வேண்டும்.

செயலியை ஏற்றி, ஐம்பதாயிரம் அனுப்பச் சொன்னபோது வந்த கணக்கு எண் ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது நம்ம சேனல் பார்ட்னர் அக்கவுன்ட் சார். கோட்டா மூணு மணிக்கு முடியுது, சீக்கிரம் போட்டுடுங்க" என்று பதில். அடுத்த முறை இரண்டு லட்சம் அனுப்பும்போது வேறு ஊர், வேறு வங்கி, வேறு பெயர். கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் இவை. ஒன்று முடக்கப்பட்டால் இன்னொன்று. உண்மையான புரோக்கருக்கு வேறொருவர் பெயரில் பணம் வாங்கும் தேவையே கிடையாது. 2025 அக்டோபரிலிருந்து புரோக்கர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் `@valid` என்பதும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் இறுதியில் வரும் யுபிஐ முகவரிகள் தரப்படுகின்றன. பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய குறி தெரியும். வங்கிக் கணக்கு எண்ணாக இருந்தால், செபியின் `SEBI Check` வசதியில் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் கொடுத்து அது பதிவுபெற்ற நிறுவனத்துடையதுதானா என்று பார்க்கலாம். பணம் அனுப்பும் முன் செலவாகும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர்களுடைய 'மூணு மணி' அவசரம் பறிக்கிறது.

ஆசிரியர் சோதனைக்காக ஐயாயிரம் எடுத்துப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் வங்கிக்கு வந்துவிட்டது; நம்பிக்கையும் வந்துவிட்டது. அந்தப் பணம் முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் கணக்கிலிருந்து வந்திருந்தது. பெரும்பாலும் அது இன்னொரு ஏமாளியின் பணமாக இருக்கும். அவர் புகார் கொடுத்தால், பணத்தின் தடத்தைப் பின்தொடரும் காவல்துறை நம் கணக்கையும் முடக்கச் சொல்லலாம்.

அப்போது திரையில் நான்கு லட்சம். ஒரு நாள் அறிவிப்பு: 'வாழ்த்துகள், உங்களுக்கு 12 லட்சத்துக்கு ஐபிஓ ஒதுக்கப்பட்டுள்ளது. மீதி எட்டு லட்சத்தை நாளைக்குள் கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.' வைப்புநிதியை உடைத்துக் கட்டினார். உண்மையான ஐபிஓவில் இப்படி நடக்க வழியே இல்லை. விண்ணப்பிக்கும்போதே முழுத் தொகையும் நம் வங்கிக் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்படுகிறது. ஒதுக்கீடு கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுக்கப்படும், கிடைக்காவிட்டால் விடுவிக்கப்படும். கேட்டதற்கு மேல் ஒதுக்குவதும் கிடையாது, ஒதுக்கிய பிறகு பணம் கேட்பதும் கிடையாது.

கடைசிக் கட்டத்தில் திரையில் 30 லட்சம், அவர் கையிலிருந்து போனது பத்தரை லட்சம். எடுக்கப் போனால், லாபமான 19.5 லட்சத்துக்கு 20 சதவீதம் வரி, 3.9 லட்சத்தை முதலில் தனியாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். குறுகிய கால மூலதன ஆதாய வரி 2024 ஜூலையிலிருந்து உண்மையிலேயே 20 சதவீதம் என்பதால் நம்பும்படியாகவே இருக்கிறது. ஆனால் இங்கே வசிப்பவரின் ஆதாய வரியைப் புரோக்கர் வசூலிப்பதில்லை. நாமேதான் வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோம். நம் பணத்தை எடுக்க முன்கூட்டியே பணம் கேட்டால், அங்கே எடுப்பதற்குப் பணமே இல்லை என்று பொருள்.

இடையில் எந்த நாளிலும் அவர் ஒன்று செய்திருக்கலாம். சிடிஎஸ்எல்லின் ஈஸி, என்எஸ்டிஎல்லின் ஐடியாஸ் ஆகிய இணைய வசதிகளில் தன் டீமேட் கணக்கை நேரடியாகத் திறந்து பார்த்திருக்கலாம். அல்லது பான் எண்ணின்பேரில் மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைப் பார்த்திருக்கலாம். செயலி காட்டிய பங்குகளில் ஒன்றுகூட அங்கே இருந்திருக்காது.

உண்மையான கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. 'உங்கள் டீமேட் கேஒய்சி இன்று இரவு காலாவதியாகிறது' என்று வரும் லிங்க், புரோக்கரின் பக்கத்தைப் போலவே இருக்கும் போலிப் பக்கத்தைத் திறக்கும். நாம் அங்கே தட்டும் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அதே நொடியில் உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்துவிடுவார்கள். பதிவுசெய்த நம் வங்கிக் கணக்குக்குத்தானே பணம் போகும், அவர்களால் என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். அவர்கள் பணத்தை எடுப்பதில்லை, வியாபாரம் செய்கிறார்கள். நம் பங்குகளை விற்று, யாரும் சீண்டாத ஏதோ ஒரு ஆப்ஷனை அதிக விலைக்கு நம் கணக்கில் வாங்குவார்கள். விற்கும் பக்கத்தில் அவர்களுடைய ஆள் இருப்பார். நம் நஷ்டம் அப்படியே அவர் லாபம்.

இதைத் தடுக்கக் கணக்கிலேயே சில கதவுகளை மூடிவைக்கலாம். ஆப்ஷன் வர்த்தகம் செய்யாதவர்கள் எஃப் அண்ட் ஓ பிரிவைச் செயலிழக்கச் செய்துவிடலாம். அந்த வழி அடைபடும். எப்போதாவது மட்டுமே விற்பவர்கள், விற்ற பங்கை நம் ஒப்புதல் கேட்காமலே எடுத்துக்கொள்ளப் புரோக்கருக்கு அதிகாரம் தரும் டிடிபிஐயைக் கொடுக்காமல் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு விற்பனைக்கும் காப்பகத்தின் டிபின் எண்ணும், நம் போனுக்கு வரும் ஓடிபியும் தேவைப்படும். கொஞ்சம் தொந்தரவுதான், ஆனால் திருடனுக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு. நாம் செய்யாத வர்த்தகத்துக்குச் சந்தையிடமிருந்து செய்தி வந்தால், 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புரோக்கர்களும் தர வேண்டிய ஒரு வசதி இருக்கிறது: நாமே சொல்லி நம் கணக்கின் இணைய வர்த்தகத்தை முடக்கிவைப்பது. அது உங்கள் புரோக்கரிடம் எந்த எண்ணில், எந்த மின்னஞ்சலில் கிடைக்கும் என்பதை இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் அழைப்பு 1930. தொகை, தேதி, நேரம், ஒவ்வொரு பரிமாற்றத்தின் யுடிஆர் எண் ஆகியவை கையில் இருக்கட்டும். `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியுங்கள். போன பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. சிறு சிறு தொகைகளாகப் பல கணக்குகளுக்குப் பிரிந்து, கடைசியில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். அதற்கு முன் எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதை மட்டும்தான் வங்கியால் நிறுத்திவைக்க முடியும். வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் இரண்டு நாள் கழிப்பவர்கள் அந்த மிச்சத்தையும் இழக்கிறார்கள். குரூப் உரையாடலை அழிக்காதீர்கள், கணக்கு எண்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன. சில வாரங்கள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், செலவுக்கு முதலில் இவ்வளவு அனுப்புங்கள் என்று ஓர் அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் அதே ஆட்களிடம்தான் இருக்கிறது.