கெடு தவறிய சண்டைக்குப் பிறகு

கெடு தவறியதால் உடன் வேலை செய்பவரோடு வாய்ச்சண்டை மூண்டால், அதில் இரண்டு காயங்கள் உண்டாகின்றன. வேலை தாமதமானது ஒன்று, கோபத்தில் விழுந்த சொற்கள் இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கான மன்னிப்பை மற்றொன்றுக்கும் சேர்த்துக் கேட்டுவிட முடியாது. சமாதானம் பேசி முடித்த பிறகும் பலர் மனத்தில் கசப்பு தங்கிவிடுவதற்கு இந்தக் குழப்பமே பெரும்பாலும் காரணம்.

வரி ஆலோசகர் அலுவலகம் ஒன்றில் எந்த மாதமும் நடக்கக்கூடிய ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடைக்காரருக்கான GSTR-3B ரிட்டர்னை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இளைய ஊழியர் கொள்முதல் பில்களைக் கணினியில் ஏற்றித் தருவார். மூத்தவர் அவற்றை ஜிஎஸ்டி தளத்தில் வரும் GSTR-2B பட்டியலோடு ஒப்பிட்டுத் தாக்கல் செய்வார். பில்கள் 12ஆம் தேதி வந்திருக்க வேண்டும். வந்தது 16ஆம் தேதி, ஒரு பிளாஸ்டிக் பையில், 300 பில்கள். 17ஆம் தேதிக்குள் ஏற்றி முடிப்பதாகப் பேச்சு. அன்று மாலை மூத்தவர் கேட்டபோது, "இன்னைக்கு முடிஞ்சிடும்கா" என்றார் இளையவர். மறுநாள், "கொஞ்சம்தான்கா பாக்கி" என்றார். உண்மையில் பாதிக்குப் பாதி மிச்சம் இருந்தது. கடைசியில் 20ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குக் கோப்பு கைக்கு வந்தது. ஒப்பிட்டால், ஒரு சப்ளையரின் ஜிஎஸ்டி எண் பல பில்களில் தவறு. திருத்தித் தாக்கல் செய்தபோது 22ஆம் தேதி.

"உன்ன நம்பி ஒரு வேலையக் குடுக்க முடியுதா?" என்று மூத்தவர் எல்லார் முன்னிலையிலும் கத்தினார். "பில்லே எப்ப வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாக்கா?" என்று இளையவரும் திருப்பிக் கேட்டார். பேச்சு அத்தோடு நின்றுபோனது.

பண நஷ்டத்தைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய், இரண்டு நாளுக்கு 100. ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரி 1,20,000 ரூபாய் என்றால், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் இரண்டு நாளுக்கு ஏறத்தாழ 118 ரூபாய். ஆக மொத்தம் 218 ரூபாய். கடைக்காரர் முகம் சுளித்திருப்பார், முதலாளியும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். ஆனாலும் இவ்வளவு கோபத்துக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மூத்தவரை உண்மையில் சுட்டது 17ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் அவரிடம் மறைந்திருந்த நிலவரம். தெரிந்திருந்தால் பாதிப் பில்களை வாங்கி அவரே ஏற்றியிருப்பார்.

ரோஜர் மேயர், ஜேம்ஸ் டேவிஸ், டேவிட் ஸ்கூர்மன் ஆகிய மூவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இங்கே உதவுகிறது. ஒருவரை நம்பலாமா என்று பார்க்கும்போது அவருடைய திறமை, நம்மீது அவருக்குள்ள நல்லெண்ணம், சொன்ன சொல்லில் நிற்கும் நேர்மை ஆகிய மூன்றையும் எடைபோடுகிறோம் என்கிறது அது. எண்ணைத் தவறாக ஏற்றியது திறமையில் வந்த குறை, பழக்கினால் சரியாகும். "கொஞ்சம்தான் பாக்கி" என்ற சொல்தான் நேர்மையைச் சந்தேகிக்க வைக்கிறது. அதுகூடத் திட்டமிட்ட பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தம் வேலை எப்போது முடியும் என்று கணிப்பதில் மனிதர்கள் பொதுவாகவே மோசம். ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்று கணித்த மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேல் பிடித்தது. இளையவரும் அன்றிரவே முடித்துவிடலாம் என்று மனதார நம்பியிருக்கலாம்.

உடன்பாட்டுப் பேச்சை அன்றைக்கே தொடங்குவது பலன் தராது, சூடு ஆறியிருக்காது. அடுத்த மாதப் பில் பை வரும்வரை தள்ளிப்போட்டாலோ இருவரும் பழைய கோபத்தோடே புதிய கெடுவுக்குள் நுழைவார்கள். இரண்டொரு நாள் கழித்து, இருவர் மட்டும் நேரில் உட்கார்ந்து பேசுவதே நல்லது. வாட்ஸ்அப்பில் எழுதக் கூடாது. யார் தப்பு என்று தொடங்காமல், ஒரு தாளில் 12, 16, 17, 18, 20, 22 என்று தேதிகளை வரிசையாக எழுதி, அந்தந்த நாளில் யாருக்கு என்ன தெரியும் என்று எதிரே குறித்தால் போதும். பில்கள் தாமதமாக வந்ததை இளையவர் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரர் மாதாமாதம் இழுத்தடிப்பவர் என்று தெரிந்தும் மூத்தவர் விசாரிக்கவில்லை. இருவர் பங்கும் தாளிலேயே தெரிந்துவிடும்.

மன்னிப்புக் கேட்கும் முறைக்கும் ஆய்வு உண்டு. ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் மன்னிப்பின் ஆறு கூறுகளை ஒப்பிட்டார்கள். பொறுப்பை ஒப்புக்கொள்வதே அதிகம் எடுபட்டது. அடுத்தது சரிசெய்து தருவதாகச் சொல்வது. "மன்னிச்சிடுங்க" என்று கேட்பதுதான் எல்லாவற்றிலும் குறைவாக எடுபட்டது. ஆகவே இளையவர் சொல்ல வேண்டியது, "பதினெட்டாம் தேதியே பாதி மிச்சம் இருந்துச்சு. தெரிஞ்சும் கொஞ்சம்தான்னு சொன்னது என் தப்புக்கா." மூத்தவர் சொல்ல வேண்டியது, "லேட்டானது வேற விஷயம். எல்லார் முன்னாடியும் உன்ன அப்படிச் சொன்னது தப்பும்மா." இதைத் தனியே சொன்னால் மட்டும் போதாது. நாலு பேர் கேட்க விழுந்த சொல்லை அந்த நாலு பேர் கேட்கவே திரும்பப் பெற வேண்டும்; அதற்கு ஒரு வாக்கியம் போதும். "உங்களுக்கு வருத்தமா இருந்தா ஸாரி" என்பது காயத்தை இன்னும் கிளறும்.

அடுத்து வருவது ஏற்பாடு. "இனிமே லேட்டாகாது" என்ற வாக்குறுதி வீண். கடைக்காரர் பையை எப்போது அனுப்புவார் என்பது இளையவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது நிலவரத்தை முன்கூட்டிச் சொல்வது மட்டுமே. 14ஆம் தேதிக்குள் பில் வராவிட்டால் மூத்தவரே கடைக்குப் போன் செய்வார். பில் வந்த நாளிலிருந்து தினமும் மாலையில் ஏற்றியது எத்தனை, மிச்சம் எத்தனை என்று இளையவர் எண்ணிக்கையாகச் சொல்வார். பாதி முடிந்ததும் அதை ஒப்பிடக் கொடுத்துவிடுவார். ஜிஎஸ்டி எண் தவறு அப்போதே பிடிபடும். "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு இனி இடமில்லை.

நம்பிக்கை அதன்பிறகு செயலால்தான் வளரும். மாரிஸ் ஷ்வைட்சர், ஜான் ஹெர்ஷே, எரிக் பிராட்லோ ஆகியோர் பண விளையாட்டு ஒன்றை வைத்து நடத்திய சோதனை 2006இல் வெளியானது. தொடர்ந்து நாணயமாக நடந்தால் இழந்த நம்பிக்கை மீள்கிறது. வாக்குறுதி அந்த மீட்சியைத் தொடக்கத்தில் விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. ரிட்டர்ன் வேலை மாதத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் செயலைக் காட்டும் வாய்ப்பும் அரிது. இடையில் சிறு வேலைகளைத் தேதி குறித்துப் பகிர்ந்துகொண்டால் அந்த வாய்ப்பு கூடும்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நேரும் தவறு, மூத்தவர் ரகசியமாக எல்லாப் பில்களையும் மறுபடி சரிபார்ப்பது. இளையவருக்குத் தெரிந்த மறுநிமிடமே பட்டபாடெல்லாம் பாழாகும். சரிபார்ப்பதென்றால் எந்தப் பில்களை, எத்தனை மாதத்துக்கு என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும். "அக்கா" போய் "மேடம்" வந்துவிட்டால், மரியாதை கூடியதாக எண்ணிவிடக் கூடாது. விலகலின் அடையாளம் அது. காயம் ஆறுவதற்கான நல்ல அடையாளம் கெட்ட செய்தி சீக்கிரம் வருவது. "அக்கா, 80 பில் நிக்குது, நாளைக்குள்ள முடியாது" என்று கேட்காமலே ஒரு நாள் வந்து சொன்னால், ஏற்பாடு வேலை செய்கிறது என்று பொருள்.

எல்லாச் சண்டையும் இப்படிச் சீராகிவிடாது. ஒரு பில்லைக்கூட ஏற்றாமல் "முடிச்சிட்டேன்" என்று சொல்லியிருந்தால் கதை வேறு. மேற்சொன்ன 2006ஆம் ஆண்டுச் சோதனையில், ஏமாற்றும் சேர்ந்துகொண்டபோது பின்னால் வந்த நற்செயல்களாலும் நம்பிக்கை முழுமையாக மீளவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் பழைய நெருக்கத்தை எதிர்பார்க்காமல், எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டு வேலையை ஓட்டுவதே சரி. இன்னொரு நிலையும் உண்டு. ஒரே ஆளிடம் பத்துக் கடைகளின் பில் பைகள் 16ஆம் தேதி ஒன்றாக வந்து குவிந்தால், எவ்வளவு நாணயமானவரும் கெடுவைத் தவறவிடுவார். அங்கே இருவரும் பேசிப் பயனில்லை. வாடிக்கையாளர்களிடம் 10ஆம் தேதிக்கே பில் கேட்பதா, இன்னோர் ஆளைச் சேர்ப்பதா என்று முதலாளிதான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கோரிக்கையோடு இருவரும் சேர்ந்தே அவரிடம் போகலாம்.