மேலாளருக்கு எழுதிய இரண்டாம் கடிதம்

எமது கை மறுவாழ்வுப் பிரிவுக்கு அண்மையில் 41 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில், கொள்முதல் பட்டியல்களின் எண்களைக் கணினியில் பதிவது அவரது பணி. நான்கு மாதங்களாக வலக்கை மணிக்கட்டில் வலி. நள்ளிரவில் கை மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து கையை உதறினால் சற்றுத் தணியும்.

எம்மிடம் வருவதற்கு முன்பே அவர் தம் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மணிக்கட்டு வலிப்பதால் நல்ல விசைப்பலகையும் போதிய ஓய்வும் வேண்டும் என்பதே அதன் சாரம். "எல்லோரும் இதே விசைப்பலகையில்தானே வேலை செய்கிறார்கள்?" என்று மேலாளர் கேட்டாராம். அந்தக் கேள்விக்கு முதற்கடிதத்தில் விடை இல்லை. விடையைத் தேடியபோதுதான் இரண்டாம் கடிதம் உருவானது.

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் எலும்புகளுக்கும் தடித்த இணைப்புநார் ஒன்றுக்கும் நடுவே குறுகிய வழி ஒன்று உள்ளது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனூடே செல்கின்றன. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்வு தருவது அந்த நரம்பே. அது நெருக்கப்படும்போது இவ்விரல்கள் மரத்துப்போகின்றன. சுண்டுவிரல் மட்டும் தப்பிவிடுகிறது. மருத்துவர்கள் இதனைக் 'கார்ப்பல் டனல்' பாதிப்பு என்பர். இப்பெண்மணிக்கும் சுண்டுவிரலில் குறையில்லை. நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனையும் தொடக்கநிலைப் பாதிப்பையே காட்டியது.

தட்டச்சு மட்டுமே இப்பாதிப்பை உண்டாக்குகிறது என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் இது தோன்றும். ஆகவே அவருக்கு அச்சோதனைகளும் செய்யப்பட்டன. இரண்டும் சீராகவே இருந்தன. ஆனால் மணிக்கட்டு நெடுநேரம் வளைந்திருந்தால் அந்தக் குறுகிய வழியில் அழுத்தம் கூடும் என்பதில் ஐயமில்லை. எனவே, "அலுவலகப் பணியால் நோய் வந்தது" என்று எழுத வேண்டாம். "இப்பணியின்போது வலி கூடுகிறது" என்று மட்டும் எழுதுங்கள் என்றோம். முதல் வாக்கியம் வழக்காடும். இரண்டாவது எவரும் நேரில் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது.

பின்னர், அவர் பணிபுரியும் நிலையைப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து வரச் சொன்னோம். உடன்பணிபுரியும் தோழி எடுத்த அப்படத்தில் மூன்று குறைகள் தெரிந்தன. விசைப்பலகையின் பின்புறத்துச் சிறு கால்கள் நிமிர்த்தப்பட்டிருந்ததால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்திருந்தது. மேசையின் உயரம் 30 அங்குலம். உட்கார்ந்த நிலையில் அவரது முழங்கையோ 27 அங்குலத்தில் இருந்தது. எண் விசைகள் வலக்கோடியில் இருந்தமையால் கை சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதே விசைப்பலகை உயரமான ஒருவருக்கு இடையூறு தராமல் இருக்கலாம். மேலாளரின் கேள்விக்கு இதுவே விடை.

அவர் எழுதிய இரண்டாம் கடிதம், அவரது இசைவுடன், பெயர்கள் நீக்கப்பட்டு இங்கே தரப்படுகிறது:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: விசைப்பலகை மாற்றமும் பணி நேர அமைப்பும் வேண்டுதல்.

என் வலக்கை மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதாக மருத்துவர் கண்டறிந்துள்ளார். சான்றிதழை இணைத்துள்ளேன். எண்களை இடைவிடாமல் 40 நிமிடங்களுக்கு மேல் பதியும்போது விரல்கள் மரத்துப்போகின்றன. அதன்பின் பிழைகள் நேர்ந்து, திருத்துவதற்கு நேரம் செலவாகிறது.

விசைப்பலகையின் பின்கால்களை மடித்துவிட்டேன். நாற்காலியை மூன்று அங்குலம் உயர்த்திக்கொண்டேன். இவற்றுக்குச் செலவில்லை. நாற்காலி உயர்ந்ததால் பாதங்கள் தரையில் படவில்லை. ஆகவே கால் வைக்க ஒரு தாழ்ந்த பலகை வேண்டுகிறேன். எண் பகுதி இல்லாத சிறிய விசைப்பலகை ஒன்றும், தனியாக நகர்த்தி வைக்கக்கூடிய எண் விசைத்தொகுதி ஒன்றும் தந்துதவ வேண்டுகிறேன்.

இப்போது கோப்புகளை அடுக்கும் வேலையை மாலையில் 40 நிமிடம் சேர்த்துச் செய்கிறேன். அதனை மணிக்கு ஐந்து நிமிடமாக எட்டுமுறை பிரித்துச் செய்ய இசைவு தாருங்கள். பதியும் வேலை குறையாது. கைக்கு மட்டும் மாற்றம் கிடைக்கும்.

ஆறு வாரங்களுக்குப் பின் பயனைத் தாங்களே பரிசீலித்து முடிவு செய்யலாம்.

தங்கள் உண்மையுள்ள,
கணக்குப் பிரிவு ஊழியர்."

இக்கடிதத்தில் 'நல்ல விசைப்பலகை' என்ற சொற்றொடர் இல்லை என்பதைக் கவனியுங்கள். விலையுயர்ந்த வளைந்த விசைப்பலகையை வாங்கியிருந்தால் அவருக்குப் பயன் இருந்திராது; அவர் நாள்முழுதும் தட்டுவது எழுத்துகளை அன்று, எண்களை. தனி எண் தொகுதியை வலத்தோளுக்கு நேர் முன்னே வைத்தால் மணிக்கட்டு சாயாமல் நேராக நிற்கும். நாள்முழுதும் எழுத்துகளைத் தட்டுபவருக்குத் தேவை வேறாக இருக்கும். ஆகவே எப்பொருளைக் கேட்பது என்பதைக் கை செய்யும் வேலையே தீர்மானிக்க வேண்டும்.

ஓய்வு என்ற சொல்லையும் அவர் தவிர்த்தார். மணிக்கொரு முறை ஐந்து முதல் பத்து நிமிடம் வேலையை மாற்றுவது, இரண்டு மணிக்கொரு முறை இருபது நிமிடம் நிறுத்துவதைவிட நல்லது என்று பிரித்தானியாவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு அறிவுறுத்துகிறது. அந்த இடைவேளையில் சும்மா அமர்ந்திருக்க வேண்டியதில்லை. தட்டச்சு அல்லாத வேலை போதும். ஆனால் தாள்களில் துளையிடும் கருவியை அழுத்துவது கையை மிகவும் வருத்துமாதலால், அதனை மட்டும் தோழி ஏற்றுக்கொண்டார்.

மேலாளர் மூன்றாம் நாளே கால்பலகைக்கும் நேர மாற்றத்துக்கும் இசைந்தார். எண் தொகுதி மூன்று வாரங்கள் கழித்து வந்தது. இதற்கிடையே, மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை மருத்துவர் கூறியபடி இரவில் மட்டும் அணிந்தார். ஆறாம் வாரத்தில், தினமும் வந்த நள்ளிரவு விழிப்பு வாரத்திற்கு ஒருமுறையாகக் குறைந்தது. இதில் பட்டைக்கு எவ்வளவு பங்கு, மேசைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் கூற இயலாது. கட்டைவிரல் நுனியின் மரப்பு இன்னும் முற்றும் நீங்கவில்லை. மூன்றாம் மாதத்தில் மீண்டும் நரம்புச் சோதனை செய்யப்படும்.

வீட்டில் உடனிருப்போர் இரண்டு உதவிகள் செய்யலாம். எப்போது வலி கூடுகிறது, அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை ஒரு வாரம் குறித்து வைக்கலாம். கடிதத்தின் முதற்பத்தி அதிலிருந்தே கிடைக்கும். மற்றொன்று, சில அறிகுறிகளைக் கவனிப்பது. மரப்பு பகலிலும் விடாமல் நீடித்தாலோ, சட்டைப் பொத்தானைப் போட இயலாமல் விரல் தடுமாறினாலோ, கையிலிருந்து பாத்திரம் நழுவினாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்து குழிந்தாலோ, மேலாளரின் பதிலுக்குக் காத்திராமல் மருத்துவரை உடனே காண வேண்டும். நெருக்கம் நீடித்தால் நரம்பு நிலையாகப் பழுதடையும். அந்நிலையில் விசைப்பலகையை மாற்றுவதால் பயன் விளையாது, அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.