கணக்கில் காணாமல் போன பப்ஸ்

ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்வோம். பில் போடும் மென்பொருள் ஒவ்வொரு விற்பனையையும் ஒரு வரிசையாக எழுதி வைக்கிறது. ஏப்ரலுக்கு ஓர் அட்டவணை, மே மாதத்துக்கு ஓர் அட்டவணை. இரண்டு மாதத்துக்கும் சேர்த்து மொத்த விற்பனை எவ்வளவு என்று முதலாளி கேட்கிறார். கணினியில் கணக்குப் பார்ப்பவர் இரண்டையும் ஒட்டுவதற்கு எஸ்க்யூஎல் மொழியில் இப்படி எழுதுகிறார்:

```
SELECT sale_date, item, qty, amount FROM sales_apr
UNION
SELECT sale_date, item, qty, amount FROM sales_may;
```

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பட்டியல் ஒழுங்காகவே தெரிகிறது. ஆனால் பணம் குறைகிறது.

ஏப்ரல் 3ஆம் தேதி மாலை மூன்று பேர் ஆளுக்கொரு முட்டை பப்ஸ் வாங்கினார்கள். ஒன்று 20 ரூபாய். இன்னொருவர் 650 ரூபாய்க்குக் கேக் வாங்கினார். ஆக நான்கு வரிசை, 710 ரூபாய். மே 2ஆம் தேதி இருவர் ஆளுக்கொரு பப்ஸ், மூன்றாமவர் இரண்டு பப்ஸ்: மூன்று வரிசை, 80 ரூபாய். கூட்டினால் ஏழு வரிசை, 790 ரூபாய் வர வேண்டும். மேலே உள்ள கட்டளை தருவதோ நான்கு வரிசை, 730 ரூபாய். ஏப்ரலின் மூன்று பப்ஸும் ஒன்றாகிவிட்டன, மே மாதத்தின் இரண்டு ஒற்றைப் பப்ஸும் அப்படியே.

UNION என்று மட்டும் எழுதினால், ஒட்டிய பிறகு எல்லா வகையிலும் ஒரே மாதிரி இருக்கும் வரிசைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். "ஏப்ரல் தேதியும் மே தேதியும் எப்படி ஒன்றாகும்? இதில் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது?" என்று பலரும் நினைப்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறார்கள். இரண்டு அட்டவணைக்கும் பொதுவானதை மட்டும் அது தேடுவதில்லை. ஒரே அட்டவணைக்குள் திரும்ப வரும் வரிசைகளையும் சேர்த்தே நீக்குகிறது.

அது வரிசையை ஒப்பிடுவதும் நாம் கேட்ட பத்திகளை வைத்து மட்டுமே. பில் எண்ணையும் கேட்டிருந்தால் மூன்று பப்ஸும் மூன்று தனி வரிசைகளாகத் தப்பியிருக்கும். மாறாக, தேதி எதற்கு என்று அதையும் விட்டுவிட்டால் ஏப்ரல் பப்ஸும் மே பப்ஸும் கலந்து, மிஞ்சுவது மூன்றே வரிசை, 710 ரூபாய். எந்தப் பத்தியைக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விற்பனைத் தொகையே மாறுகிறது என்றால், அது கணக்கே அல்ல.

அடிபடுவதும் எல்லாப் பொருளும் ஒரே அளவில் அல்ல. நாளைக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் கேக் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். நூறு பேர் ஒவ்வொன்றாக வாங்கும் பப்ஸும் பன்னும்தான் கரையும். அறிக்கையைப் பார்க்கிறவர், பப்ஸ் போகவில்லை, கேக்தான் ஓடுகிறது என்று முடிவுகட்டிவிடுவார். கல்லாவில் பணம் குறைந்தால் எல்லோரும் பதறுவார்கள். இங்கே கல்லாவில் பணம் சரியாக இருக்கிறது, அறிக்கையில்தான் குறைகிறது. அதனால் மாதக்கணக்கில் இது கண்ணில் படாமலே போகலாம்.

இப்படி நடப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1970இல் எட்கர் காட் முன்வைத்த தரவு மாதிரி, கணிதத்தின் கணக் கோட்பாட்டின் மேல் எழுந்தது. ஒரு கணத்தில் ஒரே உறுப்பு இரண்டு முறை இருக்க முடியாது. பின்னால் வந்த எஸ்க்யூஎல், அட்டவணையில் ஒரே வரிசை பலமுறை இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. வெறும் SELECT எதையும் நீக்காது. ஆனால் UNION பழைய கட்டுப்பாட்டிலேயே நின்றுவிட்டது. ஒரே மொழிக்குள் இரண்டு வழக்கம் என்பது என் பார்வையில் மோசமான ஏற்பாடு. கூகுளின் பிக்குவெரியில் UNION என்று தனியாக எழுத முடியாது. ALL அல்லது DISTINCT என்று சொல்லியே ஆக வேண்டும். எல்லா இடத்திலும் அப்படி இருந்திருக்கலாம்.

பேக்கரிக்குத் தேவைப்பட்டது UNION ALL. அது எதையும் தள்ளாமல் ஒட்டுகிறது. ஒரே மாதிரி வரிசைகளைத் தேடும் வேலை இல்லாததால் பெரிய அட்டவணைகளில் வேகமும் கூடும். பழைய அறிக்கைகளைச் சோதிப்பதும் எளிது: இரண்டு அட்டவணைகளிலும் தனித்தனியே COUNT(*) போட்டு எண்ணுங்கள், நான்கும் மூன்றும். ஒட்டிய பட்டியலில் ஏழு இல்லையென்றால் வரிசைகள் விழுந்திருக்கின்றன.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு: ஏப்ரல் 30 இரவு போட்ட பில்கள் சில தவறுதலாக மே அட்டவணையிலும் ஏறியிருந்தால்? அப்போது UNION நல்லதுதானே? இல்லை. அது தவறாக இரட்டித்த பில்லையும் உண்மையாக விற்ற இரண்டாவது பப்ஸையும் பிரித்தறியாது. பில் எண்ணையும் பில்லுக்குள் வரும் வரி எண்ணையும் வைத்து, இரண்டு அட்டவணைகளிலும் இருப்பவற்றை முதலில் தேடி எடுத்து, அவற்றை மட்டும் நீக்கிய பிறகு UNION ALL போட வேண்டும். வெறும் UNION பொருந்துவது வேறு வகைக் கேள்விக்கு: இந்த இரண்டு மாதத்தில் வாங்கிய வாடிக்கையாளர்களின் போன் எண்கள் எவை? அங்கே ஒருவர் எத்தனை முறை வந்திருந்தாலும் அவருடைய எண் ஒருமுறை இருந்தால் போதும்.