காதுக் கருவி வாய் மூடினால்



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், சென்னையில் என் மகள் வீட்டிலிருந்து மில்லர்புரத்திலுள்ள எங்கள் இல்லத்திற்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் என் தாயார். வயது எண்பத்தெட்டு. “ஒண்ணும் கேக்கலையேப்பா, மிசின் செத்துப்போச்சு” என்று கூறிவிட்டு வைத்துவிட்டார். மீண்டும் அழைத்தேன், மீண்டும் அதே விடை. அப்பொழுதுதான் ஓர் எளிய உண்மை எனக்கு உறைத்தது. காதுக் கருவி பழுதானவருக்கு அதைச் சரிசெய்யும் வழியை வாயால் சொல்ல இயலாது. முன்னரே எழுதிவைத்திருக்க வேண்டும். ஊர் திரும்பியதும் அத்தகைய குறிப்பு ஒன்றை எழுதினேன். அக்குறிப்பில் உள்ளவற்றையும், ஒவ்வொன்றையும் ஏன் எழுதினேன் என்பதையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். உங்கள் வீட்டுப் பாட்டனாருக்கோ பாட்டியாருக்கோ இதனைச் செய்துகொடுக்கப் போகிறவர்கள் நீங்கள்தாமே!

என் தாயார் அணிவது காதின் பின்புறம் வளைந்து அமரும் கருவி. அதன் மேல்முனையில் கொக்கி போன்ற ஒரு பகுதி உண்டு. கொக்கியிலிருந்து தெளிந்த நெகிழிக் குழல் ஒன்று இறங்கி, காதின் குழிவுக்கு ஏற்பச் செய்யப்பட்ட அச்சில் முடிகிறது. மக்கள் அதனை ‘மோல்டு’ என்பர். ஒலி செல்லும் வழியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கருவி, கொக்கி, குழல், அச்சு, செவித்துளை. இந்த வழியில் எங்கே தடை என்று காண்பதே நம் வேலை.

முதலில் பார்க்க வேண்டியது பாட்டரி. இக்கருவிகள் பலவற்றில் இடப்படுவது துத்தநாகமும் காற்றும் சேர்ந்து மின்சாரம் தரும் பொத்தான் போன்ற பாட்டரி. இதற்குள் துத்தநாகத் தூள் நிறைந்திருக்கும். அதனோடு வினைபுரிய வேண்டிய உயிர்வாயுவை அது வெளிக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆதலால்தான் அவ்வளவு சிறிய வில்லைக்குள் அவ்வளவு ஆற்றலை அடைக்க முடிகிறது. அதன் தட்டையான முகத்தில், கூட்டல் குறி உள்ள பக்கத்தில், ஊசிமுனை அளவான துளைகள் இருக்கும். அவற்றை மூடி ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். அளவுக்கு ஒரு வண்ணம்: 10-க்கு மஞ்சள், 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு, 675-க்கு நீலம். என் தாயாருடையது ஆரஞ்சு. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரு வாரம் வரை உழைக்கும்.

டார்ச் விளக்கின் பாட்டரி தீரும்பொழுது ஒளி சிறிது சிறிதாக மங்குவதைக் கண்டிருப்பீர்கள். இந்தப் பாட்டரி அப்படியன்று. ஏறக்குறைய இறுதிவரை ஒரே மின்னழுத்தத்தைத் தந்துவிட்டு, துத்தநாகம் தீர்ந்ததும் திடீரென்று வீழ்ந்துவிடும். நேற்று இரவு நன்றாகப் பேசிய கருவி இன்று காலையில் ஊமையாவது இதனாலேயாம். எனவே திடீர் மௌனத்தைக் கண்டு கருவியே கெட்டது என்று முடிவு கட்டிவிடலாகாது.

இங்கே நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை கருவி நின்றபொழுது, புதிய பாட்டரியின் சீட்டை உரித்த கணமே உள்ளே இட்டு மூடினேன். ஒலி வரவில்லை. பாட்டரி சோதா என்று எண்ணி இன்னொன்றை உரித்தேன். பிறகு மூன்றாவதையும் உரித்தேன். மூன்றும் நல்ல பாட்டரிகளே! சீட்டை உரித்தபின் காற்று உள்ளே புகுந்து வினை தொடங்க ஒரு நிமிடமாவது வேண்டும். ஐந்து நிமிடம் காத்திருப்பது இன்னும் நன்று. சீட்டை மீண்டும் ஒட்டிச் சேமித்துவைக்கலாம் என்று நினைப்பதும் வீண். ஒருமுறை காற்றுப் புகுந்தால் வினை தொடர்ந்துகொண்டே இருக்கும்.

எங்கள் ஊர் கடற்கரை ஊர். ஒருபுறம் துறைமுகம், மறுபுறம் உப்பளங்கள். காற்றில் ஈரம் என்றும் குறைவதில்லை. பாட்டரியினுள் இருக்கும் காரக் கரைசல் அந்த ஈரத்தை உறிஞ்சும், ஆயுளும் குறையும். ஆகவே இரவில் கருவியைக் கழற்றியதும் பாட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட மூடிய டப்பாவில் கருவியை வைக்கச் சொல்லியிருக்கிறேன். கதவு திறந்திருந்தால் மின்னோட்டமும் நிற்கும். காலையில் அதை முழுதும் மூட மறப்பதும் மௌனத்திற்கு ஒரு காரணம் என்பதை நினைவில் வையுங்கள். சில கருவிகளில் சிறு மாற்றுவிசை ஒன்று உண்டு. அது தொலைபேசிக்குரிய நிலைக்கு நகர்ந்திருந்தாலும் அறைக்குள் பேசுவது கேளாது.

பழைய பாட்டரிகளை மாத்திரை டப்பாவின் அருகே வைக்கவே கூடாது. முதியவர்கள் மாத்திரை என்று கருதி விழுங்கியது உண்டு. குழந்தைகள் விழுங்கியதும் உண்டு. அது தொண்டையிலும் உணவுக்குழாயிலும் புண்ணை உண்டாக்கும். அவ்வாறு நேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புதிய பாட்டரி இட்டும் பேச்சு கேட்கவில்லையெனில் அடுத்து உள்ளங்கைச் சோதனை. ஒலியளவைக் கூட்டி, அச்சோடு கருவியை உள்ளங்கைக்குள் வைத்து மூடுங்கள். அச்சின் வழியே வெளிவரும் ஒலி கையில் மோதித் திரும்பி, கருவியின் ஒலிவாங்கியில் மீண்டும் புகும், மீண்டும் பெருகும், ‘கீ’ என்ற சீழ்க்கை எழும். சீழ்க்கை கேட்டால் கருவியும் குழலும் அச்சும் நலமே. கேட்கவில்லையெனில், குழலைக் கொக்கியிலிருந்து மெல்லத் திருகிக் கழற்றிவிட்டு, கருவியை மட்டும் கையில் மூடிப் பாருங்கள். இப்பொழுது சீழ்க்கை எழுந்தால் கருவி நலம். தடை குழலிலோ அச்சிலோ இருக்கிறது. இப்பொழுதும் மௌனம் என்றால், வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கருவி வழங்கிய இடத்திற்கே அதனை எடுத்துச் செல்ல வேண்டும். புதுக் கருவிகள் சில இந்தச் சீழ்க்கையைத் தாமே அடக்கிவிடும். அப்பொழுது நல்ல செவியுடைய ஒருவர் ஒலியளவைக் குறைத்துக்கொண்டு கொக்கியின் அருகே காதை வைத்துக் கேட்டறியலாம்.

நான் சென்னையிலிருந்த அந்த நாளில் நடந்தது இதுதான். அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி வந்து பார்த்திருக்கிறாள். பாட்டரி மாற்றியும் பயனில்லை. குழலைக் கழற்றியதும் கருவி ‘கீ’ என்று கத்தியிருக்கிறது. குழலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு நீர்த்துளி!

அந்தத் துளி எங்கிருந்து வந்தது? செவித்துளையின் காற்று வெதுவெதுப்பானது, ஈரமானது. வெளியே மழைக்காலக் குளிர்ச்சி. அந்த ஈரம் குழலின் உட்சுவரில் பட்டுக் குளிர்ந்து துளியாகிறது. குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். அவ்வளவு குறுகிய வழியில் துளி கீழே விழாது. பரப்பு இழுவிசை அதனைச் சுவரோடு பிடித்து நிறுத்திவிடும். கிணற்று வாயைப் பலகையால் மூடியதுபோல ஒலி நின்றுவிடும். அவள் குழலைப் பலமுறை உதறினாள், துளி வெளியேறியது, கருவி பேசிற்று. இதற்கென்றே சிறு ரப்பர்க் குமிழ் ஒன்று விற்கிறார்கள். அதனை அமுக்கிக் காற்றைச் செலுத்துவது உதறுவதினும் நன்று. வாயால் ஊதலாகாது. நம் மூச்சிலேயே ஈரம் இருக்கிறது.

துளியின்றியும் அடைப்பு உண்டாகலாம். அச்சின் முனையிலுள்ள துளையில் காதுக் குறும்பி மெழுகுபோல் படிந்துவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் முனையைத் துடைத்து, கருவியோடு வரும் சிறு தூரிகையாலோ கம்பி வளையத்தாலோ துளையிலுள்ளதை வெளிப்புறம் இழுத்தெடுக்க வேண்டும், உள்ளே தள்ளலாகாது. குழலோடு சேர்ந்த அச்சைக் கருவியிலிருந்து கழற்றியபின் இளவெந்நீரில் சிறிது சோப்பு இட்டுக் கழுவலாம். பின்னர் இரவு முழுதும் உலரவிட வேண்டும். கருவியில் ஒரு சொட்டு நீரும் படலாகாது, ஸ்பிரிட்டும் வேண்டா. குழல் மஞ்சளித்து விறைத்துவிட்டாலோ வெடிப்புக் கண்டாலோ மாற்றிவிடுவதே முறை. மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். காதினுள்ளேயே ஒலிப்பான் அமரும் கருவி என்றால் இந்தக் குழல் இராது. அதன் முனையில் குறும்பித் தடுப்பான் என்ற சிறு வலை இருக்கும். அடைத்தால் அதனைக் கழுவாமல் புதிதாக மாற்ற வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதே இந்தப் பேச்சில் முதன்மையானது. கருவி கையில் சீழ்க்கை அடிக்கிறது. குழல் தெளிவாக இருக்கிறது. ஆயினும் அணிந்தவருக்குக் கேட்கவில்லை. அப்படியானால் பழுது கருவியில் இல்லை, காதில் இருக்கிறது. பல வேளை அது செவித்துளையில் திரண்ட குறும்பியாகவே இருக்கும். மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். பஞ்சுக் குச்சியால் நாமே எடுக்க முயன்றால் அது இன்னும் ஆழச் சென்று இறுகும். ஆனால் சில வேளை செவி நரம்பின் ஆற்றலே ஓரிரு நாளில் திடீரெனக் குன்றியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய நம்மால் ஆகாது. நரம்புக் குறைவு உடனே சிகிச்சை தொடங்க வேண்டிய நோய். முதல் சில நாட்களில் மருந்து தொடங்கினால் பயனுக்கு வாய்ப்பு மிகுதி. வாரங்கள் கடந்தால் அவ்வாய்ப்பு அருகிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர், தம் வலக்காதுக் கருவி நின்றுவிட்டது என்று எண்ணி, அதைப் பழுதுபார்க்க ஆள் வரும் நாளுக்காக மூன்று வாரங்களுக்கு மேல் காத்திருந்தார். வந்தவர் கருவியைத் தம் காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா” என்றார். அதன்பிறகே பெரியவர் மருத்துவரிடம் சென்றார். அந்தக் காதின் கேள்வி திரும்பவில்லை. உள்ளங்கைச் சோதனையை முதல் நாளே யாரேனும் செய்திருந்தால், பழுது கருவியில் இல்லை என்பது அன்றே தெரிந்திருக்கும்.

என் தாயாரின் கட்டிலருகே சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பு இதுதான். கண்ணாடியின்றியும் படிக்கும்படி, ஓர் எழுத்து ஓர் அங்குல உயரத்தில் எழுதியிருக்கிறேன்:

“அம்மா, கருவி பேசாவிட்டால்: கதவு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பாட்டரியின் சீட்டை உரித்து, சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போடுங்கள். கைக்குள் மூடுங்கள், கீ என்கிறதா என்று அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். குழலை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கீ என்றும் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள். என் வருகைக்குக் காத்திருக்க வேண்டாம்.”

முதலில் எழுதிய தாளில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பேச்சே இல்லை. “சீழ்க்கை எனக்கு எப்படியப்பா கேட்கும்?” என்று என் தாயார் கேட்டபிறகே அதனைச் சேர்த்தேன்.