கரண்ட் போன பிறகும் ஓட வேண்டிய தண்ணீர்

கோவையில் பம்பு உறை வார்க்கும் சிறு பவுண்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரை டன் கொள்ளளவுள்ள இண்டக்‌ஷன் உலை. உள்ளே இரும்பு 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகி நிற்கிறது. அப்போது கரண்ட் போகிறது.

அன்றைய உற்பத்தி போயிற்றே என்றுதான் பலரும் பதறுவார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உலையைச் சுற்றியுள்ள செப்புக் காயில் ஒரு குழாய்தான். அதனுள் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் நின்றால் தண்ணீர் பம்பும் நின்றுவிடும். இரும்பின் சூடு மட்டும் லைனிங் வழியாகக் காயிலுக்கு வந்துகொண்டே இருக்கும். தேங்கிய தண்ணீர் ஆவியாகிக் காயில் ஓட்டையானால், கசியும் நீர் உருகிய இரும்பைத் தொட்டு வெடிக்கும்.

அதனால் மாற்று ஏற்பாட்டின் முதல் வரி மேல்நிலைத் தொட்டி. கரண்டே இல்லாமல், உயரத்திலிருந்து தானாக இறங்கும் தண்ணீர். ஜெனரேட்டரைக் கிளப்பும் வரை அது காயிலைக் காக்கும். உலையையே ஓட்டும் அளவுக்கு ஜெனரேட்டர் வாங்குவது சிறு பவுண்டரிக்குக் கட்டாது. தண்ணீர் பம்பு, உலையைச் சாய்க்கும் ஹைட்ராலிக், விளக்கு ஆகியவை ஓடினால் போதும். 5 எச்.பி. பம்பு ஓடும்போது ஏறத்தாழ 4 கிலோவாட்தான் எடுக்கும். ஆனால் கிளம்பும்போது பல மடங்கு கரண்டை இழுக்கும். இதை மறந்து 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கினால், தேவைப்படும் அன்று அது திணறி நின்றுவிடும்.

பால் மேல் ஆடை படிவதுபோல இரும்பின் மேல் தோல் கட்டத் தொடங்குமுன் அதை வெளியே ஊற்றியாக வேண்டும். எத்தனை நிமிடம் காத்திருப்பது, யார் முடிவெடுப்பது என்பதை உலைக்கு அருகிலேயே எழுதி ஒட்டுங்கள். ஊற்றுவதற்கான அச்சுகளை உலர்வாக வைத்திருங்கள். துளி ஈரம் இருந்தாலும் இரும்பு தெறிக்கும். உள்ளேயே உறைந்துவிட்டால், உலையைச் சாய்த்து வைத்து மெதுவாக உருக்க வேண்டும். நேராக வைத்து உருக்கினால், மேலே மூடி உறைந்த இரும்புக்கு அடியில் திரவம் விரிவடைய வழியில்லாமல் லைனிங்கைப் பிளந்துவிடும்.

லைனிங் போடும் ராமிங் மாஸுக்கு இரண்டு கடைகளை வைத்திருப்பதாகச் சிலர் நிம்மதியாக இருப்பார்கள். இரண்டு கடைக்காரரும் ஒரே கம்பெனிச் சரக்கை விற்றால் அது ஒரு கடைதான். வேறு கம்பெனிச் சரக்கு என்றால் சூடேற்றும் முறையும் மாறக்கூடும். ஆகவே வேலை குறைவான வாரத்தில் அதைக்கொண்டு ஒரு லைனிங் போட்டு, எத்தனை ஹீட் தாங்குகிறது என்று எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக உலைக்காரர். லைனிங் எங்கே தேய்ந்திருக்கிறது, லீக்கேஜ் மீட்டரின் முள் எந்த அளவைத் தாண்டினால் உலையை நிறுத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவருக்கே தெரியும். அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போகும் நாளில் இது புரிந்து பயனில்லை. மாதம் ஒருநாள் அவரைப் பக்கத்தில் நிற்க வைத்து, உதவியாளரே முழு ஹீட்டையும் ஓட்டட்டும். உதவியாளர் எங்கே தயங்கி அவர் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உலையடியில் ஒட்டும் தாளில் அடுத்து ஏற வேண்டிய வரி அதுதான்.