"அவுட்" இல்லாத ஆட்டம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டீங்க: "எங்க ஏரியா ஸ்கூல்ல பீகார்ல இருந்து வந்த குழந்தைங்க இருக்காங்க. தமிழ் தெரியல. வாலன்டியரா போனா முதல்ல என்ன பண்றது?" இன்னைக்கு ஒரே ஒரு விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுறேன். அதை நான் முதல்ல தப்பா நடத்தினேன், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் வாரம் ஒருநாள் சாயங்காலம் பாடம் எடுக்குற இடத்துல பதினாலு பிள்ளைங்க. புதுசா ஒரு பொண்ணு சேர்ந்தா, எட்டு வயசு. அப்பா கட்டட வேலை. வீட்டுல இந்தி. நான் 'சைமன் சேஸ்' ஆரம்பிச்சேன். "சைமன் சேஸ், குதி"ன்னு சொன்னதும் எல்லாரும் குதிச்சாங்க, அவ நின்னுட்டிருந்தா. அவுட். மீதி ஆட்டம் முழுக்க சுவரோரம் உட்கார்ந்திருந்தா. அப்பதான் உறைச்சது: யாருக்கு இந்த வார்த்தைகள் அதிகம் தேவையோ, அவங்களைத்தான் இந்த விதி முதல்ல வெளியே அனுப்புது.

அடுத்த வாரம் அவுட் விதியை எடுத்துட்டேன். அஞ்சே வார்த்தைதான்: உட்கார், எழுந்திரு, குதி, திரும்பு, கைதட்டு. முதல்ல நான் சொல்லிக்கிட்டே செஞ்சு காட்டுவேன். சில சுற்றுக்கு அப்புறம், சொல்லிட்டு ஒரு நொடி கழிச்சு செய்வேன். கடைசியில சொல்றது மட்டும்தான். ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1960களில் வளர்த்தெடுத்த முறையோட அடிப்படையும் இதுதான்: முதல்ல கேட்டு உடம்பால பதில் சொல்லணும், பேச்சு பிறகு தானா வரட்டும்.

அவ பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் செஞ்சா. அதைத் தடுக்காதீங்க. அந்தத் தாமதத்தை மட்டும் கவனிங்க. பார்த்துச் செய்யும்போது எப்பவும் ஒரு நொடி பின்னாடி இருப்பா. மூணாவது வாரம் "திரும்பு"க்கு யாரையும் பார்க்காம திரும்பினா. அந்த வார்த்தை புரிஞ்சிடுச்சு!

அப்புறம் அவளைத் தலைவி ஆக்கினேன். பேச வேண்டாம், செய்கை மட்டும். அவ குதிச்சா மத்தவங்க "குதி"ன்னு கத்தணும். ரெண்டு சுற்று போனதும் அவளே "பைட்டோ"ன்னா. யாருக்கும் புரியல. ஒருத்தன் எழுந்து நின்னான், இன்னொருத்தன் கைதட்டினான். அவ உட்கார்ந்து காட்டினா, சிரிச்சுக்கிட்டே. அதுவரைக்கும் அந்த அறையில புரியாம நின்னது அவ மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. இது காதுக்கான ஆட்டம், இதை வச்சு பேச வைக்க முடியாது. புது மொழியில குழந்தைங்க சில மாசம்கூட பேசாம கேட்டுக்கிட்டே இருக்கலாம், அது சகஜம். "சொல்லு, சொல்லு"ன்னு நிற்க வைக்காதீங்க. ஆனா, பின்னாலிருந்து அவங்க சொந்த மொழியில கூப்பிட்டும் திரும்பலைன்னா அது மொழிப் பிரச்சினையா இருக்காது. வீட்டுல பேசி, காது பரிசோதனைக்கு அனுப்புங்க.

அந்தப் பொண்ணு என்கிட்ட இன்னும் முழுசா ஒரு வாக்கியம் பேசல. ஆனா இப்ப சுவரோரம் உட்கார்றது இல்ல.