இலக்கணம் தவறினால் பரவாயில்லை, அளவு தவறக் கூடாது

பிரிட்டனில் வேலைக்குப் போக விரும்பும் நம் ஊர் செவிலியர்களில் பலர் வார்டில் திறமைசாலிகள். ஆங்கிலம் பேச வேண்டிய இடத்தில் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள். பயமெல்லாம் ஓ.இ.டி. தேர்வின் பேச்சுப் பகுதியைப் பற்றித்தான். ஒரு வினைச்சொல் பிசகினாலும் மதிப்பெண் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அந்தத் தேர்வு எதை மதிப்பிடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் சிறு அறிமுகப் பேச்சு நடக்கும். அதற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தருவார்கள். அதைப் படித்து யோசிக்க மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். எதிரே நோயாளியாக நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. பதிவான பேச்சைப் பிறகு வேறு மதிப்பீட்டாளர்கள் கேட்டு முடிவு செய்கிறார்கள். அதனால் எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் அது நடிப்பின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். சொல்வது தெளிவாகக் கேட்கிறதா, தடையில்லாமல் போகிறதா, நோயாளியின் கவலையைக் காதுகொடுத்துக் கேட்டீர்களா, தகவலை ஒழுங்காகச் சொன்னீர்களா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அவற்றில் இலக்கணமும் ஒன்று, அவ்வளவுதான். தமிழ் வாடை அடிக்கும் உச்சரிப்பு குற்றமல்ல. கேட்பவருக்குப் புரியாமல் போனால்தான் குறை.

ஓர் உதாரணம். வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் இன்சுலின் அளவைச் சொல்கிறார் ஒரு செவிலியர். “யூ டேக்ஸ் இட் பிஃபோர் ஃபுட்” என்கிறார். ‘டேக்’ என்றிருக்க வேண்டும். ஆனாலும் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டும் என்பது நோயாளிக்கு ஐயமில்லாமல் புரிகிறது. அடுத்து “ஃபிஃப்டீன் யூனிட்ஸ்” என்கிறார், இலக்கணம் சரிதான். ஆனால் கடைசி அசையை அழுத்தாமல் விழுங்கிவிட்டதால் 15 என்பது நோயாளியின் காதில் 50 என்று விழுகிறது. முதல் பிழையால் யாருக்கும் எதுவும் ஆகாது. இரண்டாவது, சர்க்கரை அளவை ஆபத்தான அளவுக்கு இறக்கி உயிருக்கே உலை வைக்கலாம். பயந்தவர்கள் முதல் பிழையைத் திருத்தத் தடுமாறி, இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே பழக வேண்டியது ஒரே வழக்கம்தான். பொருள் மாறும் பிழையை உடனே நிறுத்தித் திருத்துங்கள். பொருள் மாறாத பிழையை விட்டுவிட்டு மேலே போங்கள். எண்ணை இரண்டு விதமாகச் சொல்லுங்கள்: “ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்.” பிறகு “புரிந்ததா?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். புரியாதவரும் அதற்குத் தலையாட்டுவார். “வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்கும் ஒரே வாக்கியத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி 50 என்றால் பிழை அங்கேயே பிடிபடும், திருத்தவும் முடியும். நோயாளி சொல்வது உங்களுக்குப் புரியாவிட்டாலும் மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரிந்ததுபோல் நடிப்பதுதான் தப்பு.

வீட்டில் பயிற்சி செய்யும்போது ஐந்து நிமிடப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து, மருத்துவம் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் அவர் எழுதட்டும். அவர் தவறாக எழுதிய இடத்தில்தான் உங்களுக்குப் பயிற்சி வேண்டும். பொதுவாக அது எண்ணாகவோ மருந்துப் பெயராகவோ இருக்கும்.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. “தேர்வே எழுத வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லும் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். மதிப்பெண்ணை இணையத்திலேயே சரிபார்க்க முடியும். போலி என்று தெரிந்தால் பதிவு மறுக்கப்படும், பணமும் திரும்பாது.

உங்களுக்கு உரிமைகளும் உண்டு. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். emigrate.gov.in தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பிரிட்டன் அரசின் நெறிமுறையோ, வேலை தேடித் தருவதற்காகச் செவிலியரிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்கிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்ற விவரம் எதையும் அழிக்காமல், சென்னையில் உள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் உடனே புகார் கொடுங்கள்.